முதல் ஈடு இறங்குவதற்குள்

மதுரையில் ஒரு சைவ டிபன் கடையின் சமையலறையைச் சில வருடங்கள் மேற்பார்த்தேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். நூற்றிருபது பேர் உட்காரும் கடை. காலை 6 மணிக்குக் கதவு திறக்கும். 7 மணிக்கெல்லாம் சப்ளையர்கள் ஓடத் தொடங்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வாசலில் ஆள் நிற்கும்.

அப்படி ஒரு மே மாத ஞாயிறன்று, 6.20க்கு அடுப்பு அணைந்தது. இட்லிக் கொப்பரையில் இரண்டாவது ஈடு பாதி வெந்திருந்தது. மாற்று சிலிண்டரைத் திறக்கப் போன பையன் கையை விரித்துக்கொண்டு வந்தான். முந்தைய இரவு பரோட்டா அடுப்புக்காக யாரோ மாற்று வரிசையையும் திறந்திருக்கிறார்கள். காலியானதை யாரிடமும் சொல்லவில்லை. ஏஜென்சியைப் பிடித்து சிலிண்டர் வருவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. அந்த ஈடு இட்லி முழுவதும் குப்பைக்குப் போனது. அன்றே மாவும் அளவுக்கு மீறிப் புளித்திருந்தது. தேங்காய்ச் சட்னி 9 மணிக்குள் வாடை அடித்தது.

மறுநாள் முதலாளி கேட்டார், "இதுக்கெல்லாம் ஒரு லிஸ்ட் போட முடியாதா?" அன்று மாலையே உட்கார்ந்து அறுபத்து நான்கு வரியில் ஒரு செக்லிஸ்ட் எழுதினேன். வாசித்தால் அழகாக இருக்கும். "சமையலறை சுத்தமாக உள்ளதா?", "குளிர்பெட்டி சரியாக இயங்குகிறதா?", "காய்கறி புதிதாக உள்ளதா?" என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம், அதில் ஒரு டிக்.

இரண்டு மாதம் அதில் தவறாமல் டிக் விழுந்தது. ஒருநாள் குளிர்பெட்டியைத் திறந்தால் பால் பாக்கெட் வெதுவெதுப்பாக இருந்தது. கம்ப்ரஸர் முந்தைய நாளே போயிருக்கிறது. அன்றைய தாளில் "குளிர்பெட்டி" வரிக்கு எதிரே டிக் இருந்தது. பழைய தாள்களை எடுத்துப் புரட்டினேன். அறுபத்து நான்கு டிக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் போடப்பட்டிருந்தன. 10 மணிக்கு டீ குடிக்கும்போது தாளை எடுத்து நிரப்பியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடிகாலை 4 மணிக்கு, இரண்டு கையும் வேலையில் இருக்கும் ஒருவர் அறுபத்து நான்கு கேள்விக்குப் பதில் எழுதுவார் என்று நம்பியது என் தவறு.

அதன் பிறகு, வேலையை எப்படிச் செய்வது என்பதையும் செய்தாயிற்றா என்பதையும் பிரித்தேன். முதலாவதுதான் செயல்முறைக் குறிப்பு. எஸ்.ஓ.பி. என்கிறார்களே, அது. மாவு எப்படி அரைப்பது, சாம்பாருக்கு உப்பு எத்தனை, கல்லை எப்படிப் பழக்குவது எல்லாம் அதில் வரும். புதிதாக வருபவர் படிப்பதற்கும், மாஸ்டர் லீவு போட்ட நாளில் அடுத்தவர் எடுத்துப் பார்ப்பதற்கும் அது. இரண்டாவது செக்லிஸ்ட். தினமும் கையில் எடுப்பது அது மட்டும்தான். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இரண்டையும் ஒரே தாளில் குழப்பியதால்தான் என் அறுபத்து நான்கு வரி வந்தது.

செக்லிஸ்ட்டை மேஜையில் எழுத முடியாது என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன். ஒரு வாரம் விடிகாலை 3.45க்கே போய், ஒரு நோட்டும் கடிகாரமுமாக ஓரத்தில் நின்றேன். யார் எப்போது எதைத் தொடுகிறார்கள் என்று மட்டும் எழுதினேன். பிறகு கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணினேன்.

6 மணிக்கு முதல் தட்டு போக வேண்டும். ஒரு ஈடு வேகப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. இறக்கியதும் இரண்டு மூன்று நிமிடம் ஆறினால்தான் துணியிலிருந்து பிய்யாமல் வரும். அதற்கு முன் தட்டுகளில் மாவு ஊற்ற வேண்டும். ஆக 5.35க்குக் கொப்பரைத் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் கொதிக்க இருபத்தைந்து நிமிடம். எனவே கொப்பரை அடுப்பு 5.10க்குப் பற்ற வேண்டும். சாம்பார் நாற்பது லிட்டர். பருப்பு வெந்து, காயும் புளியும் சேர்ந்து கொதித்து, தாளித்து இறங்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பருப்பு 4.10க்கு அடுப்பேறாவிட்டால் முதல் வாடிக்கையாளருக்குத் தண்ணியான சாம்பார்தான். தோசைக்கல் முழுக்கச் சீராகக் காய்வதற்கு இருபது நிமிடம் வேண்டும். காயாத கல்லில் ஊற்றிய முதல் நாலு தோசை ஒட்டிக்கொண்டு வரும்.

இப்படி எண்ணியபோது, நான் எதிர்பார்க்காத ஒன்று தாளில் தெரிந்தது. 5.10க்கும் 5.35க்கும் இடையில் ஒரே ஆளுக்கு ஐந்து வேலை விழுந்திருந்தது. கொப்பரை பற்ற வைப்பது, மாவைக் கலக்கி உப்புப் பார்ப்பது, தேங்காய் துருவுவது, சட்னி அரைப்பது, காபிக்கு டிகாக்‌ஷன் இறக்குவது. அந்தத் தம்பி என்ன செய்திருக்கிறான்? நெருக்கடிக்குப் பயந்து 4.30க்கே சட்னியை அரைத்து வைத்துவிடுகிறான். மே மாத வெக்கையில், அடுப்புப் பக்கத்தில், 4.30க்கு அரைத்த தேங்காய்ச் சட்னி 9 மணி வரை எப்படித் தாங்கும்? இரண்டு மாதமாக "சட்னியைச் சரியா அரைங்கப்பா" என்று கத்திக்கொண்டிருந்தேன். கையில் ஆள் இல்லாததுதான் காரணம் என்பது கடிகாரத்தை வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

டிகாக்‌ஷனை டீ மாஸ்டரிடம் மாற்றினோம். தேங்காயை இரவே துருவி, மூடி, குளிரில் வைத்தோம். சட்னி 5.30, 7.30, 9 என்று மூன்று முறை, கொஞ்சம் கொஞ்சமாக அரைப்பதாயிற்று. கூடவே ஒரு விதி: பழைய சட்னியின் மிச்சத்தைப் புதியதில் ஊற்றக் கூடாது. உறைமோர் விட்ட மாதிரி, பழையதில் இருக்கும் புளிப்பும் கிருமியும் புதியதை வேகமாகக் கெடுத்துவிடும். அதற்குப் பிறகு சட்னி பற்றி யாரும் கத்த வேண்டி வரவில்லை.

மாவின் கதை வேறு. விடிகாலையில் போய் மாவைப் பார்த்துப் புளித்துவிட்டது என்று கண்டுபிடிப்பதால் யாருக்கு என்ன லாபம்? அந்த நேரத்தில் அதைத் திருத்த வழியில்லை. அதனால் கடை திறக்கும் லிஸ்ட்டின் முதல் சில வரிகளை முந்தைய இரவுக்குக் கொண்டுபோனோம். எங்கள் அளவு இட்லி அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு. மாலை 6 மணிக்கு அரைத்துக் கலந்து வைப்போம். மதுரை மே மாதத்தில் ஆறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். மார்கழியில் ஒன்பது பத்து மணி நேரம் இழுக்கும். "எட்டு மணி நேரம் புளிக்க விடவும்" என்று எஸ்.ஓ.பி.யில் எழுதினால் வருடத்தில் பாதி நாள் தப்பாகத்தான் இருக்கும். எனவே நேரத்தை எழுதாமல் அளவை எழுதினோம். மாவு ஊற்றியதும் பாத்திரத்தின் வெளிப்புறம் மாவு நிற்கும் உயரத்தில் நீல டேப் ஒன்று. அதன் ஒன்றரை மடங்கு உயரத்தில் சிவப்பு டேப் ஒன்று. இரவு கடை மூடுபவர் 11 மணிக்குப் பார்க்க வேண்டும். மாவு சிவப்பைத் தொட்டிருந்தால் குளிர் அறைக்குள் போக வேண்டும். தொடவில்லை என்றால் வெளியே இருக்கலாம், விடிகாலை முதலில் வருபவர் மறுபடி பார்ப்பார்.

டேப் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்று தமிழ்நாட்டுச் சமையலறைகளில் ஒடிசா, பீகார், அசாம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். தமிழில் எழுதி ஒட்டினால் அவர்களுக்குப் புரியாது. ஆங்கிலத்தில் ஒட்டினால் யாருக்குமே புரியாது. நிறமும் எண்ணும் புகைப்படமும் எல்லோருக்கும் புரியும். சுத்தமான கிரைண்டர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நாலு வரி எழுதியிருந்ததை எடுத்துவிட்டு, கழுவித் துடைத்த கிரைண்டரின் படம் ஒன்றை அதன் மேலேயே ஒட்டினோம்.

எஸ்.ஓ.பி. எழுதுவதில் எனக்குப் பயம் இருந்தது எங்கள் சரக்கு மாஸ்டரை நினைத்துத்தான். முப்பது வருடக் கை. சாம்பார், குருமா, சட்னி எல்லாம் அவர் பொறுப்பு. தராசை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனதும் கேட்டார், "என்ன தம்பி, என் கைக்கே படிக்கல்லா?"

"இல்லண்ணே. போன மாசம் ஊருக்குப் போனீங்கள்ல, அந்த நாலு நாளும் சாம்பார் சரியில்லன்னு புகார். நீங்க போடுறது எவ்வளவுன்னு எனக்கே தெரியல."

"அது கைப்பக்குவம். எழுத முடியாது."

நான் வாதாடவில்லை. ஒரு உப்பு டப்பாவைக் காலையில் எடை பார்த்து அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் வழக்கம்போல் கையால் அள்ளிப் போட்டார். சமையல் முடிந்ததும் டப்பாவை மறுபடி எடை போட்டேன். இப்படிப் பத்து நாள். நாற்பது லிட்டர் சாம்பாருக்கு அவர் போட்டது 400 கிராமிலிருந்து 440 கிராமுக்குள்தான் நின்றது. ஒரே ஒரு நாள் மட்டும் 370. அன்று என்ன என்று கேட்டதும் யோசிக்காமல் சொன்னார், "அன்னைக்குப் புளி புதுசு, கொஞ்சம் காட்டமில்ல. புளி கொறஞ்சா உப்பும் கொறையணும்." எஸ்.ஓ.பி.யில் "உப்பு 420 கிராம்" என்று ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே புளியைப் பற்றி அவர் சொன்ன வரியும் வந்தது. அந்தத் தாளின் மேல் அவர் பெயரைப் போட்டேன். பிறகு பெருங்காயம், வெந்தயம், தாளிப்பு எண்ணெய் எல்லாவற்றையும் அவரே கூப்பிட்டு எடை போடச் சொன்னார். மாஸ்டரின் கையை நிறுத்திவிட்டு எழுதும் செயல்முறை எதுவும் சமையலறையில் நிற்காது. அவர் கையிலிருந்து எடுத்து எழுதியது நிற்கும்.

இனி செக்லிஸ்ட்டின் வரிகள். டிக் போடும் கட்டங்களை முடிந்தவரை ஒழித்தேன். "குளிர்பெட்டி சரியா?" என்ற வரி "பாட்டில் தண்ணீரின் சூடு ____ டிகிரி" என்று மாறியது. குளிர்பெட்டிக்குள் ஒரு பாட்டில் தண்ணீர் நிரந்தரமாக இருக்கும், அதற்குள் தெர்மாமீட்டர். காற்றின் குளிர்ச்சி கதவைத் திறந்த நொடியிலேயே ஏறிவிடும். பாட்டில் தண்ணீர்தான் உள்ளே இருக்கும் பாலும் பன்னீரும் உண்மையில் எந்தக் குளிர்ச்சியில் இருக்கின்றன என்பதைச் சொல்லும். அது 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகுகின்றன. சாம்பார் வைக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் அதே கணக்கு. சாம்பார் 60க்குக் கீழே இறங்கக் கூடாது. அந்தத் தொட்டி சூட்டைக் காக்குமே தவிர, ஆறிய சாம்பாரைச் சூடாக்கித் தராது. எனவே தொட்டித் தண்ணீரை 5 மணிக்கே போட்டு வைத்து, கொதிக்கும் சாம்பாரை அதில் இறக்க வேண்டும். தெர்மாமீட்டரையும் வாரம் ஒருமுறை சோதிப்போம். நொறுக்கிய ஐஸ் நிறையப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதில் முனையை வைத்தால் 0 காட்ட வேண்டும்.

எண்ணை எழுதச் சொன்னாலும் பொய் எழுதலாம். ஆனால் பொய் தெரிந்துவிடும். தினமும் 4, 4, 4, 4 என்று வந்தால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். உண்மையான குளிர்பெட்டி 3 காட்டும், 4 காட்டும், சரக்கு ஏற்றிய மறுநாள் 5 காட்டும். வாரத்துக்கு இரண்டு நாள் சூப்பர்வைசர் தாளை எடுத்து, ஏதாவது மூன்று வரியை மட்டும் தானே அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பார். எல்லா வரியையும் பார்க்கத் தேவையில்லை. எந்த மூன்று என்று முன்கூட்டியே தெரியாமல் இருந்தால் போதும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், தவறினால் என்ன செய்வது என்பதும் இருக்க வேண்டும். என் பழைய தாளில் இது கிடையாது. குளிர்பெட்டி 9 காட்டினால் அந்தப் பையன் என்ன செய்வான்? முதலாளி தூங்குகிறார். சூப்பர்வைசர் 6 மணிக்குத்தான் வருவார். எதைத் தூக்கிப் போட அவனுக்கு அதிகாரம்? ஒன்றும் புரியாமல் 4 என்று எழுதிவிடுவான். அதனால் இப்படி எழுதினோம்: "5க்கு மேல் இருந்தால் இந்த எண்ணுக்குப் போன் செய். பால், பன்னீர், துருவிய தேங்காய் எதையும் எடுக்காதே. கேட்காமல் எறிந்தாலும் உன் சம்பளத்தில் பிடிக்க மாட்டோம்." கடைசி வாக்கியத்தை முதலாளி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. கெட்ட பால் ஒரு முப்பது பேர் வயிற்றுக்குள் போனால் ஆகும் செலவைச் சொன்னதும் ஒப்புக்கொண்டார். கெட்டுப்போனதா என்று தீர்மானிக்க ஆஸ்திரேலியாவில் பின்பற்றும் கணக்கு உதவியாக இருந்தது. ஆபத்தான சூட்டில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் திரும்பக் குளிரில் வைக்கலாம். இரண்டிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் என்றால் உடனே பயன்படுத்திவிட வேண்டும். நாலைத் தாண்டினால் குப்பை. இந்தக் கணக்கைப் போட, கடைசியாக எப்போது 5க்குக் கீழே இருந்தது என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் இரவு மூடும்போதும் ஒருமுறை எழுதுகிறோம்.

இனி கேஸ். லிஸ்ட்டின் முதல் வரியே அதுதான், அதுவும் கதவுக்கு வெளியே ஒட்டியிருக்கும். "கதவைத் திற. சுவிட்சைத் தொடாதே. குனிந்து முகர்ந்து பார்." சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படுத்துக் கிடக்கும். நின்றபடி முகர்ந்தால் தெரியாமலே போகலாம். வாசம் வந்தால் விளக்கும் போடக் கூடாது, காற்றை வெளியே தள்ளும் ஃபேனும் போடக் கூடாது. சுவிட்சின் சின்னப் பொறி போதும். கதவு ஜன்னலை விரியத் திறந்து, வெளியிலுள்ள சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, எல்லோரும் வெளியே வந்துதான் போன் செய்ய வேண்டும்.

எவ்வளவு கேஸ் மிச்சம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பலரும் அழுத்தமானியைப் பார்க்கிறார்கள். அது ஏமாற்றும். சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும்வரை அழுத்தம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், பிறகு சட்டென்று விழும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் 6 மணிக்கு முள் நல்ல இடத்தில்தான் நின்றது. நாங்கள் செய்தது இரண்டே காரியம். எந்த வரிசை எந்த நாள் எந்த மணிக்குத் திறக்கப்பட்டது என்பதைச் சுவரில் சாக்பீஸால் எழுதினோம். எங்கள் அடுப்புகளுக்கு ஒரு வரிசை ஒன்றரை நாள் வரும் என்பது பத்தே நாளில் தெரிந்துவிட்டது. செக்லிஸ்ட்டில் "சீல் உடையாத சிலிண்டர் எத்தனை? ____" என்று ஒரு வரி. இரண்டுக்குக் கீழே போனால் அன்றே ஏஜென்சிக்குச் சொல்ல வேண்டும், நாளை என்று தள்ளக் கூடாது. சந்தேகம் வந்தால் தராசு இருக்கிறது. வணிக சிலிண்டரில் கேஸ் 19 கிலோ. காலி எடை சிலிண்டரின் மேலேயே பொறித்திருக்கும்.

அறுபத்து நான்கு வரி பத்தொன்பதாக இறங்கியது. அதையும் ஒரே இடத்தில் வைக்கவில்லை. கதவில் மூன்று, கேஸ் வரிசைக்குப் பக்கத்தில் மூன்று, குளிர்பெட்டிக் கதவில் நாலு, மீதி அடுப்பு மேடையில். எந்த இடத்தில் பார்க்க வேண்டுமோ அங்கேயே தாள், அங்கேயே கயிற்றில் கட்டிய பேனா. நடந்து போகும் வழியில் வரிகள் வரும், வரிகளுக்காக யாரும் நடக்க வேண்டியதில்லை.

இந்தத் தாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நான் சொல்ல மாட்டேன். காய்ச்சலோடு வேலைக்கு வந்தவரை அது கண்டுபிடிக்காது. லீவு எடுத்தால் சம்பளம் போகும் என்றால், கையில் புண் இருப்பவர் இல்லை என்றுதான் எழுதுவார். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளின் நான்காம் அட்டவணை, உணவைத் தொடுபவர்களின் உடல்நலத்தையும் சுத்தத்தையும் பற்றி விரிவாகவே பேசுகிறது. ஆனால் வயிற்றுப்போக்கு என்று சொல்பவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் முடிவு முதலாளியுடையது. நாங்கள் அதைச் செய்தோம். செய்த பிறகுதான் அந்த வரிக்கு உண்மையான பதில் வரத் தொடங்கியது.

நீங்கள் ஒரு கடை நடத்துபவராக இருந்தால், அடுத்த கடையின் லிஸ்ட்டை வாங்கி நகல் எடுக்க வேண்டாம், என்னுடையதையும் வேண்டாம். உங்கள் கொப்பரை எத்தனை நிமிடத்தில் கொதிக்கிறது, உங்கள் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்பது உங்கள் சமையலறைக்கு மட்டுமே தெரியும். நாளை விடிகாலை, முதல் ஆள் கதவைத் திறக்கும்போது ஒரு நோட்டோடு அவர் பின்னால் போய் நில்லுங்கள். அன்று எதையும் திருத்தாதீர்கள். மணியை மட்டும் எழுதுங்கள்.